மலை இறங்கியதும் ஹேண்டில் உதறுகிறதா?

கோத்தகிரியிலிருந்து இறங்குகிறீர்கள். அரவேணு, குஞ்சப்பனை எல்லாம் தாண்டி மேட்டுப்பாளையத்தில் சமதளத்தைத் தொட்டாயிற்று. காரமடைப் பக்கம் நேர்ச்சாலை. வண்டி 60-ல் போகிறது, பின்னால் டாப் பாக்ஸ் நிறையச் சரக்கு. தூரத்தில் வேகத்தடை தெரிகிறது, ஆக்சிலரேட்டர் முறுக்கை விடுகிறீர்கள். 55, 52, 50. அந்த இடத்தில் ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடவென அடிக்க ஆரம்பிக்கிறது. 40-க்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல நின்றுவிடுகிறது.

புதிதாக மலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் பலர் இதைச் சாலையின் குறை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மலையில் இருந்தவரை நன்றாக ஓடிய வண்டி, கீழே வந்ததும் ஆடுகிறது, அப்படியானால் கீழே உள்ள ரோடுதான் சரியில்லை என்று. உண்மை நேர்மாறானது. வண்டியைக் கெடுத்தது மலைச்சாலை. கெட்டதைக் காட்டிக்கொடுத்தது சமவெளி. அதனால் இறங்குவதற்கு முன்பே, மேலே வீட்டு வாசலில் நிற்கும்போதே இதைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. 100 முதல் 150 சிசி வரையுள்ள சாதாரண வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் 50-ல் மட்டும்?

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் போனால் அதன் முன்சக்கரம் ஒன்று படபடவென அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கின் முன்சக்கரமும் அதே இனம்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சாய்வாக இருப்பதால், டயர் தரையைத் தொடும் இடம் ஹேண்டிலின் சுழல் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் தரையே அதை நேராக்கிவிடும். நேராக்கும் வேகத்தில் அது கொஞ்சம் மறுபக்கம் போகும். திரும்பவும் நேராகும். நல்ல வண்டியில் இந்த ஆட்டம் பிறந்த உடனேயே அடங்கிவிடும். எங்கோ லூஸ் இருந்தால் அடங்குவதற்குப் பதில் வளரும்.

இந்த ஆட்டத்துக்கென்று சொந்தமான ஒரு வேகம் உண்டு. ஏறக்குறைய நொடிக்கு 6 முதல் 10 தடவை. இப்போது டயரைப் பாருங்கள். 18 அங்குல ரிம்மில் ஓடும் சாதாரண டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு 7 தடவைக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது. டயரில் ஒரு மேடோ, ரிம்மில் ஒரு நெளிவோ இருந்தால் அது நொடிக்கு 7 தடவை ஹேண்டிலைத் தட்டுகிறது. ஹேண்டில் தானாக ஆட விரும்பும் வேகமும் அதுதான். இரண்டும் பொருந்தும் அந்தக் குறுகிய இடைவெளியில் உதறல் பெரிதாகிறது, அதற்கு மேலேயும் கீழேயும் குறைகிறது. 10 அங்குலச் சக்கரம் உள்ள ஸ்கூட்டரில் சுற்றளவு 1.4 மீட்டர்கூட வராது. அதனால் அதில் 40-ஐ ஒட்டியே இது வந்துவிடும்.

மலையில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் பதில் இதுதான். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே பெரும்பாலும் 25, 30, 35 என்றுதான் ஓட்டுகிறோம். உதறல் வரும் வேகத்தைத் தொடுவதே இல்லை. கைகளும் எப்போதும் ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. நேர்ச்சாலையில் கை தளர்கிறது, வேகம் ஏறுகிறது, ஒளிந்திருந்தது வெளியே வருகிறது.

உதறலா, நெளிவா?

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹேண்டில் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டால் அது உதறல். காரணம் பெரும்பாலும் முன்பக்கத்தில் இருக்கும். முழு வண்டியும் மெதுவாக, நொடிக்கு இரண்டு மூன்று தடவை, பாம்புபோல் நெளிந்து, இடுப்புக்குக் கீழே சீட்டே நகர்வதுபோல் இருந்தால் அது வேறு. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது பின்டயரில் காற்று. மெல்ல இறங்கும் பஞ்சர் இப்படித்தான் தன்னை அறிவிக்கும். உடனே ஓரம் கட்டி டயரை அமுக்கிப் பார்த்துவிடுங்கள். காற்று சரியாக இருந்தும் நெளிகிறது என்றால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது சுமை மிக உயரத்தில் இருக்கலாம். இனி சொல்வது முதல் வகையைப் பற்றி.

ஓடும்போது வந்துவிட்டால்

முதலில் மிதமான உதறல். முறுக்கை விட்டு வேகம் குறையும்போது, ஒரு கையால் ஓட்டும்போது, கைகள் மிகத் தளர்வாக இருக்கும்போது வருவது. இரண்டு கைகளையும் ஹேண்டிலில் வைத்துச் சாதாரணமாகப் பிடித்தாலே நின்றுவிடும். உள்ளங்கையும் முன்கையும் அந்த ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும். நின்றுவிட்டதே என்று மறந்துவிடாமல், வீட்டுக்குப் போனதும் கீழே சொல்லியிருக்கும் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது, கையில் இருந்து ஹேண்டிலையே பிடுங்கும் அளவுக்கு வருவது. இது வரும்போது உடம்பு தானாகச் செய்ய நினைக்கும் இரண்டு வேலைகளும் தவறானவை. ஒன்று, முழங்கையை விறைத்து ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது. கை விறைத்தால் ஹேண்டிலின் ஆட்டம் தோள் வழியாக உடம்புக்கும், உடம்பிலிருந்து வண்டிக்கும் போய், முழு வண்டியும் சேர்ந்து ஆடத் தொடங்கும். இரண்டு, முன் பிரேக்கைப் பிடிப்பது. எடை முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் மேலேயே விழுந்து ஆட்டம் இன்னும் முரட்டுத்தனமாகும்.

செய்ய வேண்டியது இது. முழங்கால்களால் டேங்கைக் கவ்வுங்கள். பிடித்துக்கொள்ளும் வேலையைக் கையிடமிருந்து காலுக்கு மாற்றுகிறீர்கள். கை ஹேண்டிலில் இருக்கட்டும், முழங்கை மடிந்து தளர்வாக இருக்கட்டும். உடம்பை முன்னால் சாய்த்து, மார்பை டேங்க் பக்கம் கொண்டுவாருங்கள். முன்சக்கரத்துக்கு எடை கூடினால் ஆட்டம் அடங்க உதவும். முறுக்கைச் சட்டென்று மூடாமல், இரண்டு மூன்று நொடியில் மெல்ல விடுங்கள். கிளட்சைத் தொட வேண்டாம், கியரைக் குறைக்க வேண்டாம். பார்வை ஹேண்டிலில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். வேகம் 40-க்குக் கீழே வரும்போது ஆட்டம் தானாக மெலியும். சாலை முடிகிறது, முன்னால் வளைவு நெருங்குகிறது என்றால் பின் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். முன் பிரேக் ஆட்டம் மெலிந்த பிறகுதான்.

முறுக்கைக் கூட்டினால் முன்பக்கம் லேசாகி நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில நேரம் நிற்கவும் செய்யும். ஆனால் நம் சாலைகளில் அடுத்த வளைவு எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் வேகமாக அங்கே போய்ச் சேர்வதை ஒரு வழியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று இதற்குப் பிறகு இருக்கிறது. முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி பலமாக உதறினால், டிஸ்க் இடமும் வலமும் அடித்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அதற்கப்புறம் முதல் தடவை பிரேக் லீவரைப் பிடித்தால் அது வெறுமனே கிரிப் வரை போய்விடும், பிரேக் இருக்காது. உதறல் அடங்கியதும், அடுத்த வளைவுக்கு முன்பே, லீவரை இரண்டு மூன்று தடவை லேசாக அழுத்தி விடுங்கள். பேடு பழைய இடத்துக்கு வந்துவிடும். இறக்கத்தில் இது உயிர் காக்கும் பழக்கம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் புறப்படும்போதே சொல்லி வையுங்கள். ஆட்டம் வந்தால் உங்கள் தோளைப் பிடிக்கக் கூடாது. இடுப்பைப் பிடித்து முன்னால் நெருங்கி உட்கார வேண்டும், அசையக் கூடாது.

வாசலில் நின்று பார்க்க வேண்டியவை

செலவில்லாததிலிருந்து தொடங்குவோம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்றைப் பாருங்கள். எவ்வளவு என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு முன்னால் 25 பி.எஸ்.ஐ.யை ஒட்டித்தான். கீழே போய் வந்ததால், உயரம் மாறியதால் காற்று குறைந்தது என்று ஒரு பேச்சு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து 1,800 மீட்டர் உயரக் கோத்தகிரிக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். மேலே குளிர் 15 டிகிரி அதிகம் என்றால் டயருக்குள் இருக்கும் காற்று அதே 2 பி.எஸ்.ஐ. அளவுக்குச் சுருங்கும். ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். ஆகவே உங்கள் முன்டயர் 18 காட்டினால் காரணம் மலை இல்லை. எங்கோ கசிகிறது, அல்லது ரொம்ப நாளாக யாரும் பார்க்கவில்லை.

காற்றுக்கு அப்புறம் டயரின் முகம். உள்ளங்கையை டயரின் ஓடுபரப்பில் வைத்து முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல்லைத் தொடுவதுபோலவும் இருந்தால், டயரின் ரப்பர்க் கட்டைகள் சரிவாகத் தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் முன் பிரேக்கை அதிகம் பயன்படுத்தும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். கட்டை இன்னும் ஆழமாக இருக்கிறது, டயர் ஓடும் என்று தோன்றும். உதறலைப் பொறுத்தவரை ஆழத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் கெடுதல்.

பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்படி ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி, சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். ஒரு பேனாவை ஃபோர்க்கோடு சேர்த்து, முனை ரிம் ஓரத்தைத் தொடும் தூரத்தில் பிடியுங்கள். ரிம் பேனாவை நெருங்கியும் விலகியும் போவது 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ரிம்மைச் சரிசெய்ய வேண்டும். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பஞ்சர் போட்ட பிறகு உதறல் தொடங்கியது என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கோடு.

கோன் செட்

இப்போது முக்கியமான இடம். ஹேண்டில் சுழலும் தண்டின் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பேரிங் உண்டு. சாதாரண வண்டிகளில் அது கிண்ணம், கோன், நடுவே பால்ரஸ் குண்டுகள். மெக்கானிக் கடையில் கோன் செட் என்றால்தான் புரியும்.

இது மற்ற பேரிங்குகளைப் போல முழுதாகச் சுற்றுவதே இல்லை. நேராக ஓடும்போது குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. முன் பிரேக்கைப் பிடித்தபடி குழியில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த அடி முழுவதும் அதே இடத்தில் விழுகிறது. கிரீஸ் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையில் நனைந்து, மூடுபனியில் ஊறி, வாட்டர் வாஷில் பைப்பை ஹேண்டில் கழுத்துக்கு நேராகப் பிடித்து அடித்து, உள்ளே தண்ணீர் இறங்கினால் மிச்சமிருக்கும் கிரீஸும் போய்விடும். கடைசியில் கிண்ணத்தில், குண்டுகள் நிற்கும் இடத்தில், சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றன. மலைச்சாலை வண்டியைக் கெடுக்கிறது என்று சொன்னது இதைத்தான்.

சோதிக்க நல்ல சமதளம் வேண்டும். நம் ஊரில் அதுவே கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் தேடிப்பிடியுங்கள், சரிவில் நிறுத்திச் செய்தால் சோதனை பொய் சொல்லும். முன்சக்கரம் தூக்கி நிற்கட்டும்.

முதலில் லூஸ். வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு ஃபோர்க்கின் அடியையும் பிடித்து, உங்கள் பக்கம் இழுத்துப் பின்னே தள்ளுங்கள். 'டக்' என்று ஒரு சின்னத் தட்டல் கையில் தெரிந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. எங்கே என்று உறுதி செய்ய, இன்னொருவரைத் தள்ளச் சொல்லிவிட்டு, ஹேண்டில் கழுத்தில் மேல் தட்டும் சட்டகமும் சந்திக்கும் இடுக்கில் விரலை வைத்துப் பாருங்கள். விரலில் அசைவு தெரிந்தால் கோன் செட். அங்கே அசையாமல், ஃபோர்க்கின் மேல் குழாய் கீழ்க்குழாய்க்குள் நுழையும் இடத்தில் அசைந்தால் ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. அதில் பிரேக் பேடின் தட்டலும் சேர்ந்து வரும், ஏமாந்துவிடலாம்.

அடுத்து குழி. ஹேண்டிலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, இரண்டு விரலால், மிக மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஹேண்டில் தானாக ஒரு பள்ளத்தில் விழுந்து உட்காருவதுபோலவும், வெளியே எடுக்கச் சின்ன அழுத்தம் தேவைப்படுவது போலவும் இருந்தால் கிண்ணம் குழி விழுந்துவிட்டது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'சென்டர்ல லாக் ஆகுது' என்பார்கள். ஒரு தடவை கையில் உணர்ந்துவிட்டால் மறக்காது.

கடைசியாக இறுக்கம். ஹேண்டிலை நேராக வைத்து, ஒரு விரலால் பக்கவாட்டில் லேசாகத் தட்டிவிடுங்கள். தன் எடையிலேயே ஓரம் வரை விழ வேண்டும், இரண்டு பக்கமும். நடுவழியில் நின்றால் அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள், அல்லது கேபிளோ வயரோ இழுத்துப் பிடிக்கிறது. இறுக்கமான கோன் செட்டும் நல்லதில்லை. மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காமல் இடமும் வலமும் அலையும், நீங்கள் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

வெறும் லூஸ் மட்டும் என்றால் சரிசெய்வது எளிது. மேல் நட்டையும் ஃபோர்க் பிடிமான போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, கீழே உள்ள வளைய நட்டை அதற்குரிய வளைந்த ஸ்பேனரால் எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு மேல் நட்டையும் ஃபோர்க் பிடிமான போல்ட்டுகளையும் முழுதாக இறுக்கி, மூன்று சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது பேரிங்கும் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால் இந்த மறுசோதனையை விடக் கூடாது. ஸ்பேனரும் பழக்கமும் இல்லாதவர்கள் கடையில் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லலாம்.

குழி விழுந்திருந்தால் இறுக்குவதில் அர்த்தமே இல்லை. தட்டல் சத்தம் போய்விடும், சரியாகிவிட்டது என்று தோன்றும், ஆனால் குண்டுகள் குழிக்குள் இன்னும் ஆழமாக உட்கார்ந்திருக்கும். மேலும் கீழும் இரண்டு கிண்ணம், கோன், குண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். கீழ்ப் பேரிங்தான் அதிகம் அடி வாங்குவது. அதை எடுக்க ஃபோர்க்கை முழுதாகக் கழற்ற வேண்டும் என்பதால் சில இடங்களில் மேலே மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவார்கள். பழைய கிண்ணங்கள் இரண்டு ஜோடியையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஒரு வண்டியின் கதை

என் சித்தப்பா மகன் கோத்தகிரியிலிருந்து தைலமும் வர்க்கியும் கீழே கடைகளுக்குப் போடுகிறான். 125 சிசி வண்டி, கேரியரில் டாப் பாக்ஸ். சொல்லும்போதே அவன் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, டயர் மாத்தினதும் சரியாயிடுச்சுன்னுதான் நினைச்சேன். இப்ப மறுபடி 55-ல உதறுது."

இந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது. டயர் மட்டுமே காரணம் என்றால் புது டயரில் திரும்ப வந்திருக்காது. புது டயர் தட்டுவதை நிறுத்தியது, அவ்வளவுதான். ஆட்டத்தை அடக்க வேண்டிய இடம் கெட்டே இருந்தது. புது டயரும் சீரற்றுத் தேய ஆரம்பித்ததும் பழைய கதை திரும்பிவிட்டது.

பாக்ஸை எடுத்துத் தராசில் வைத்தோம். சரக்கோடு 20 கிலோ. கேரியரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அனுமதித்தது 5 கிலோ. பாக்ஸின் நடு, பின் ஆக்சிலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் தொங்கியது. இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 127 சென்டிமீட்டர். 20-ஐ 30-ஆல் பெருக்கி 127-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5. அதாவது அந்தப் பாக்ஸ் பின்சக்கரத்தில் 25 கிலோவை ஏற்றி, முன்சக்கரத்திலிருந்து 5 கிலோவைத் தூக்கிவிடுகிறது. 5 கிலோ கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த எடை உயரத்தில், நெளியும் ஒரு கம்பிக் கேரியரின் மேல், சக்கரத்துக்குப் பின்னால் ஊசலாடுகிறது. ஹேண்டில் ஆடினால் பாக்ஸ் ஒரு கணம் பிந்தி ஆடி அதற்குப் பதில் கொடுக்கிறது. ஹேண்டிலில் வேறு ஒரு துணிப்பை, கணக்கு நோட்டும் தண்ணீர் பாட்டிலுமாக. ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் எந்த எடையும் ஆட்டத்துக்குத் தீனி. பையை அவிழ்க்கச் சொன்னேன்.

பாக்ஸும் பையும் இல்லாமல், ஆளில்லாத நேர்ச்சாலையில் 60 வரை போய், இரண்டு கைகளும் ஹேண்டிலைத் தொட்டபடி பிடியை மட்டும் தளர்த்தி, முறுக்கை விட்டுப் பார்த்தான். கையை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும் சோதனையை நான் ஒப்புக்கொள்வதில்லை, பிடி தளர்ந்தாலே போதுமான அளவு தெரியும். உதறல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. முன்டயர் காற்று 19 காட்டியது. 25 ஆக்கியதும் இன்னும் குறைந்தது, அப்போதும் போகவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் சமதளத்தில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கினோம். இழுத்துத் தள்ளியதில் லேசான தட்டல். மெதுவாகத் திருப்பியபோது நட்டநடுவில் பள்ளம், தெளிவாக. அவன் விரலை வைக்கச் சொன்னேன். வைத்தவன் இரண்டு தடவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இதுலயா மலை இறங்கினேன்" என்றான். கடையில் கழற்றியபோது கீழ்க் கிண்ணத்தில் துருவும், முன்னும் பின்னுமாக வரிசையாகக் குழிகளும். கிரீஸ் காய்ந்து பழுப்பு மாவாகியிருந்தது.

கோன் செட் முழுதாக மாறியது. தைலக் கேன்களை இருபக்கமும் தொங்கும் பைகளில், பின் ஆக்சிலுக்கு முன்னால் வருமாறு தாழ்வாக வைக்கிறான். பின்சீட்டில் அவனை ஒட்டிக் கட்டியிருக்கும் பெட்டியில் மிச்ச எடை. டாப் பாக்ஸில் வர்க்கி மட்டும், அது பெரிதாக இருந்தாலும் எடையில்லாதது. உதறல் போய்விட்டது. மூன்றில் எது குற்றவாளி என்று கேட்டால் ஒன்றைச் சொல்ல முடியாது. டயர் தட்டியது, கோன் செட் தடுக்கவில்லை, சுமை வளர்த்தது. ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் சில மாதம் அடங்கியிருந்து திரும்ப வந்திருக்கும்.

புதுக் கோன் செட் போட்டதோடு வேலை முடிவதில்லை. கிண்ணங்கள் சட்டகத்தில் அழுந்தி உட்காரும்போது மறுபடி கொஞ்சம் லூஸ் விழும். அதனால் சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும், அல்லது இரண்டு மூன்று வாரத்தில், அந்த மூன்று சோதனைகளையும் செய்து தேவைப்பட்டால் வளைய நட்டை இறுக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் டயரில் காற்று வாரம் ஒரு தடவை, கழுத்துச் சோதனை மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை. வாட்டர் வாஷுக்குக் கொடுக்கும்போது, ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பக்கம் பைப்பை நேராகக் காட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள்.